தரையில் தண்ணீர்: ஆளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்வது

“காரிடார்ல மறுபடியும் தண்ணி கெடக்கு. ஹவுஸ்கீப்பிங்ல யாரும் பாக்கதே இல்லையா?”

வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மேலாளர் ஒருவர் “உடனே பாருங்க” என்பார். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஓடிவந்து, துடைக்கிற அக்காவைச் சத்தம் போடுவார். அக்கா மாப்பை எடுத்துக்கொண்டு வந்து துடைப்பார். ஈரம் போன தரையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு “முடிஞ்சது” என்று ஒரு வரி. மறுநாள் மதியம் அதே இடத்தில் அதே தண்ணீர்.

கங்கைகொண்டான் பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பாதுகாப்புக் குழுவில் ஊழியர் தரப்பு உறுப்பினர்களில் நானும் ஒருவன். தரையில் தண்ணீர், பூட்டிக் கிடக்கும் அவசர வழிக் கதவு, ஆடுகிற கைப்பிடி என்று கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிற ஃபெசிலிட்டி டீமுக்குப் போகும் புகார்களை நிறைய வாசித்திருக்கிறேன். எந்தப் புகாருக்கு வேலை நடக்கிறது, எது அப்படியே கிடந்துபோகிறது என்பதில் எனக்கு இப்போது ஓரளவு தெளிவு உண்டு. புகாரில் ஒரு மனிதர் நின்றால் பதில் அந்த மனிதரைப் பற்றியே வரும். ஓர் இடம் நின்றால் பதில் அந்த இடத்தைப் பற்றி வரும். எங்கள் முதல் மாடிக் காரிடாரில் தேங்கிய தண்ணீரை வைத்தே இதைச் சொல்கிறேன்.

பேன்ட்ரிக்கும் பயிற்சி அறைக்கும் நடுவில் ஓடுகிற காரிடார் அது. தரையில் பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ். காய்ந்திருக்கும்போது நல்ல தரைதான். மேலே ஒரு மெல்லிய படலமாகத் தண்ணீர் பரவினாலோ, நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. குனிந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்ந்து பார்த்தால்தான் மினுங்கும். ஆனி, ஆடி மாசக் காற்றில் எங்கள் பக்கம் புழுதி பறக்கும் என்பது நெல்லைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செருப்போடு வரும் அந்தப் புழுதியும் இந்தத் தண்ணீரும் சேர்ந்தால் வழுக்கல் இன்னும் மோசம். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது வருகிறவர்களும் போகிறவர்களும் எதிரெதிரே இந்த வழியாகத்தான் கடக்கிறார்கள். பலர் கையில் டீ இருக்கும்.

ஐப்பசி மாசத்தில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. குழுவில் செய்தி வந்தது, துடைத்தார்கள், மறுநாளும் வந்தது. ஒருவர் வழுக்கிச் சுவரைப் பிடித்து நின்றார். அதன் பிறகுதான் பாதுகாப்புக் குழுவின் காதுக்கு விஷயம் வந்தது.

நான் முதலில் போய்ப் பேசியது துடைக்கிற அக்காவிடம். எங்கே குறை இருந்தாலும் அந்த இடத்தை ஒரு நாளைக்குப் பலமுறை பார்க்கிறவர் அவர்தான். ஃபெசிலிட்டி மேலாளர் அந்தக் காரிடாரைப் பார்ப்பது எப்போதாவது. அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்.

“தம்பி, காலைல நான் தொடைக்கும்போது பொட்டுத் தண்ணி கெடையாது. பதினோரு மணிக்கு மேலதான் கெடக்கு. மேல அந்த ஏசிப் பொட்டி ஓரத்துல இருந்து சொட்டுது. சாயங்காலம் ஏசிய அமத்திட்டா கொஞ்ச நேரத்துல நின்னுரும். சூப்பர்வைசர்ட்ட சொன்னா, ‘நீ தொடைச்சியா இல்லியா, அத மட்டும் சொல்லு’ங்காவ. பிறவு நான் என்னத்தச் சொல்ல.”

கோளாறைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாத் தகவலும் அந்த அம்மாவின் வாயில் இருந்தது. எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது, எங்கிருந்து சொட்டுகிறது, எப்போது நிற்கிறது, மூன்றையும் சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வொரு செய்தியும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதால், அவர் சொன்ன எதுவுமே சாக்காகத்தான் மற்றவர் காதில் விழுந்தது. இரண்டு முறை திட்டு வாங்கியவர் மூன்றாவது முறை வாயைத் திறக்க மாட்டார். யார் மேலும் பழி போடாமல் எழுதுங்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு நல்ல மனசு மட்டும் காரணமில்லை. பழி விழும் இடத்தில் தகவல் வற்றிப்போகும். தகவல் இல்லாமல் மெயின்டனன்ஸ் ஆளால் ஒன்றும் செய்ய முடியாது.

அக்கா சொன்ன நேரக் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டும். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டப் பல காரணங்கள் உண்டு. எப்போது, எங்கே சொட்டுகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

ஏசி ஓடும்போது உள்ளே இருக்கும் குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகி, அடியில் உள்ள தட்டில் விழும். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வடிக்கும். அந்தத் தண்ணீர் ட்ரெயின் குழாய் வழியாக வெளியே போக வேண்டும். குழாயில் பாசி போன்ற வழவழப்பு அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி, ஓரத்தில் வழியும். ஓட ஆரம்பித்துத் தட்டு நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால், காலையில் காய்ந்திருந்து முற்பகலுக்கு மேல் சொட்டும். ஏசியை நிறுத்தியதும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

ஃபில்ட்டரில் புழுதி அடைத்துக் காற்று போகாமல் காயிலில் ஐஸ் பிடித்திருந்தால் கதை தலைகீழ். அப்போது ஏசியை நிறுத்திய பிறகுதான் ஐஸ் உருகி, தட்டு கொள்ளாமல் கொட்டும். மூன்றாவது வகை, குளிர்ந்த குழாயின் மேல் சுற்றியிருக்கும் கறுப்பு உறை கிழிந்து, குழாயே வியர்ப்பது. அது ஏசிப் பெட்டியின் ஓரத்தில் சொட்டாது. குழாய் போகிற தடம் முழுக்க ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்புக் கறை விழும், கீழே தண்ணீர் ஒரே இடத்தில் இல்லாமல் வரிசையாகக் கிடக்கும்.

“தண்ணி கெடக்கு” என்ற ஒரு வரியில் இந்த மூன்றில் எதுவும் தெரியாது. “பதினோரு மணிக்கு மேல், பெட்டி ஓரத்தில், நிறுத்தினால் நிற்கிறது” என்று எழுதிவிட்டால் ஏசி மெக்கானிக் கிளம்பும்போதே எதை எடுத்துவர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அதற்காக, ட்ரெயின் அடைப்பு என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. நான் மெக்கானிக் இல்லை. அடைப்பு என்று நான் எழுதி, வந்தவர் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து அது சரியாக ஓடினால், “ரிப்போர்ட் தவறு” என்று டிக்கெட்டை, அதாவது நாம் பதிந்த புகாரை, மூடிவிட முடியும். தண்ணீர் சொட்டுகிறது என்று எழுதினால் சொட்டு நிற்கும்வரை அதை மூட முடியாது. பார்த்ததை எழுத வேண்டும். ஊகம் இருந்தால் தனி வரியில், ஊகம் என்று சொல்லியே எழுத வேண்டும்.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டிக்கெட் போட்டுவிட்டுத் தண்ணீரை அப்படியே விட்டு நகர்ந்துவிடக் கூடாது. நாங்கள் காரிடாரின் ஈரப் பக்கத்தை நாற்காலிகள் வைத்து மறித்து, காய்ந்த பாதி வழியாக மட்டும் ஆட்கள் போகும்படி செய்தோம். மஞ்சள் போர்டை ஈரத்தின் மேல் வைக்காமல், ஈரத்துக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் வருகிற திசையில் நாலெட்டு முன்னதாக வைத்தோம். போர்டைத் தாண்டியபின் தண்ணீரைப் பார்த்துப் பயனில்லை. வாளியைச் சொட்டுக்குக் கீழே நடு வழியில் வைத்தால் அதில் ஆள் தடுக்கி விழுவார். அதனால் மறித்த பகுதிக்குள் மட்டும் வைத்தோம்.

மேலே விளக்கு இருக்கிறதா என்றும் அண்ணாந்து பார்க்க வேண்டும். விளக்கின் சட்டத்தில் தண்ணீர் இறங்கினாலோ, சுவிட்ச், பிளக், தரையில் பதித்த மின் பெட்டி இவற்றுக்குப் பக்கத்தில் தேங்கினாலோ டிக்கெட் எழுத உட்காரவே கூடாது. உடனே எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து, அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தியாயிற்று என்று அவர் சொல்லும்வரை யாரும் துடைக்கவும் போகக் கூடாது. ஈரமான மாப்போடு முதலில் அங்கே இறங்குகிறவர் அந்த அக்காதான் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் காரிடாரில் விளக்கு நாலடி தள்ளி இருந்தது, சீலிங்கில் கறை அதுவரை வரவில்லை. அதையும் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் எழுதினோம்.

போட்ட டிக்கெட்டின் வாசகம் ஏறக்குறைய இதுதான்:

> இடம்: முதல் மாடி, பேன்ட்ரி – பயிற்சி அறை காரிடார். பயிற்சி அறை வாசலிலிருந்து இரண்டாவது தூண் அருகே, சீலிங் ஏசி எண் 7-க்குக் கீழே.
>
> பார்த்தது: ஏசியின் தெற்கு ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. காலையில் இல்லை. 11 மணிக்கு மேல் தொடங்குகிறது. மாலையில் ஏசியை நிறுத்திய சிறிது நேரத்தில் நிற்கிறது. துடைத்தபின் மீண்டும் தேங்குகிறது. இந்த வாரம் தினமும் இப்படி.
>
> ஆபத்து: மதியம் 2 மணி ஷிப்ட் மாற்றத்தில் சுமார் 60 பேர் இவ்வழியே கடக்கிறார்கள். ஒருவர் வழுக்கிச் சுவரைப் பிடித்து நின்றார். காயம் இல்லை. மின் விளக்கு 4 அடி தள்ளி உள்ளது. அதில் ஈரம் இல்லை.
>
> தற்காலிகமாகச் செய்தது: பாதி வழி மறிக்கப்பட்டுள்ளது. இது வெள்ளிக்கிழமை வரை மட்டுமே. அன்று பயிற்சிக்கு வெளியாட்கள் வருவதால் முழு வழியும் தேவை.
>
> கேட்பது: ஏசி பிரிவிலிருந்து ஆள் வந்து, சொட்டும் நேரத்தில், அதாவது 11 மணிக்கு மேல், நேரில் பார்க்க வேண்டும். பார்த்தபின் என்ன கண்டறியப்பட்டது, எப்போது சரியாகும் என்ற தகவல் வேண்டும்.

இதில் ஒரு ஆளின் பெயரும் இல்லை. ஹவுஸ்கீப்பிங், மெயின்டனன்ஸ், ஒப்பந்தக்காரர் யாருமே இல்லை. “கவனக்குறைவு”, “எத்தனை முறை சொல்வது”, “யாரும் கண்டுகொள்ளவில்லை” என்று ஒன்றும் இல்லை. ஆனால் படித்துப் பாருங்கள், இது மென்மையான கடிதமும் இல்லை. தினமும் நடக்கிறது, ஒருவர் வழுக்கிவிட்டார், வெள்ளிக்கிழமை வரைதான் தாங்கும் என்று அழுத்தமாகவே சொல்கிறது. அந்த அழுத்தத்தை நேரமும் எண்ணிக்கையும் கொடுக்கின்றன.

வழுக்கியவரின் பெயரை ஏன் எழுதவில்லை என்று பாதுகாப்புக் குழுவிலேயே ஒருவர் கேட்டார். எழுதியிருந்தால் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என்ன செருப்பு போட்டிருந்தீர்கள், கையில் போன் இருந்ததா, போர்டைப் பார்க்கவில்லையா என்று கேள்விகள் வரும். கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, விசாரணை என்றாலே அப்படித்தான் போகும். அதைப் பார்க்கிற அடுத்தவர், வழுக்கினாலும் எழுந்து உதறிவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய்விடுவார். ஒருவர் வழுக்கினார் என்பதே இந்த டிக்கெட்டுக்குப் போதும். உண்மையிலேயே காயம் பட்டிருந்தால் விஷயம் வேறு. அதற்கு விபத்துப் பதிவு தனியாக இருக்கிறது, அதில் பெயர் எழுதியே ஆக வேண்டும், சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் அது தேவை. இரண்டையும் கலக்கக் கூடாது.

படத்துக்கும் இதே நியாயம்தான். இரண்டு படங்கள் போதும். ஒன்று தூரத்திலிருந்து, தூணும் வாசலும் தெரிய, இடம் எது என்று புரியும்படி. மற்றொன்று கிட்டத்திலிருந்து, சொட்டும் ஓரமும் ஏசியில் ஒட்டிய எண்ணும் தெரிய. துடைத்துக்கொண்டிருக்கிற அக்கா படத்தில் விழக் கூடாது. அவர் விழுந்துவிட்டால் பார்க்கிற எல்லோர் கண்ணும் அவர் மேல்தான் போகும்.

டிக்கெட் எந்தப் பிரிவுக்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எங்கள் இடத்தில் புகார் போடும் பக்கத்தில் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன் வந்த டிக்கெட்டுகள் எல்லாம் “ஹவுஸ்கீப்பிங் – தரை ஈரம்” என்று போயிருந்தன. அந்தப் பிரிவில் விழுந்தால் அது துடைக்கிறவர்களின் வரிசைக்கு மட்டும் போகும். அவர்கள் துடைத்தார்கள், மூடினார்கள். அவர்கள் கையில் இருந்த கருவி மாப் மட்டும்தான், அதை ஒழுங்காகவே பயன்படுத்தினார்கள். ஏசி பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் கண்ணில் அந்த டிக்கெட் ஒருநாளும் படவில்லை. நாங்கள் “ஏசி – நீர்க்கசிவு” என்று போட்டோம். எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் ஃபெசிலிட்டி டெஸ்க்குக்கு ஒரு போன் போட்டு, “சார், இது உங்ககிட்ட எதுல வரும்?” என்று கேட்பதில் ஒரு குறையும் இல்லை. அப்படிக் கேட்டால் அவரும் விஷயத்துக்குள் வந்துவிடுகிறார்.

ஃபெசிலிட்டி டீம் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு கட்டடத்தில் லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று அவர்கள் மேசையில் ஒரே நாளில் எத்தனையோ வந்து விழும். எதை முதலில் எடுப்பது என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடி என்ற இரண்டையும் வைத்துத்தான் அதை முடிவெடுப்பார்கள். “ரொம்ப டேஞ்சர் சார்” என்பதில் இரண்டுக்கும் விடை கிடையாது. இரண்டு மணிக்கு அறுபது பேர், கையில் டீ, கடினமான டைல்ஸ், ஏற்கெனவே ஒருவர் வழுக்கினார் என்றால் இரண்டுக்கும் விடை கிடைக்கிறது. மேலதிகாரியிடம் செலவுக்கு அனுமதி கேட்கும்போது ஃபெசிலிட்டி மேலாளர் நம் வாசகத்தைத்தான் காட்டுவார். அந்த வாசகத்தில் அவருடைய டீமையே திட்டி வைத்திருந்தால் அதை அவர் எப்படி மேலே அனுப்புவார்?

மெக்கானிக் மறுநாள் மதியத்துக்கு முன்பே வந்தார். ஏசியின் மூடியைக் கழற்றித் தட்டைக் காட்டினார், விளிம்பு வரை தண்ணீர் நின்றது. குழாயில் காற்று அடித்து, கறுத்த வழவழப்பை ஒரு கை அள்ளி எடுத்தார். தண்ணீர் ஓடியது. டிக்கெட் மூடப்பட்டது. எங்களுக்கும் நிம்மதி.

கார்த்திகை பிறப்பதற்குள் மறுபடியும் சொட்டியது.

இந்த இடத்தில்தான் கோபம் வரும். “என்னத்த ரிப்பேர் பண்ணுனாவளோ” என்ற வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும். நாங்கள் புது டிக்கெட் போடாமல் பழைய எண்ணையே மறுபடி திறந்தோம். புது எண் போட்டால் அது புதுக் கோளாறாகத் தெரியும், பழைய எண்ணில் வரலாறு நிற்கும். எழுதியது இவ்வளவுதான்: “சுத்தம் செய்த பிறகு மூன்று வாரம் சொட்டு இல்லை. இன்று 11.30-க்கு அதே ஓரத்தில் மீண்டும் சொட்டுகிறது. அடைப்பு திரும்ப வருவதற்குக் குழாயில் காரணம் இருக்கிறதா என்று முழு நீளமும் பார்க்க வேண்டும்.” சுத்தம் செய்தவர் செய்த வேலை அந்த மூன்று வாரமும் பலித்தது என்பது அதிலேயே இருக்கிறது. அது உண்மையும்கூட. அந்த மெக்கானிக் முகம் சுளிக்காமல் மறுபடி ஏணி போட்டு ஏறினார்.

இந்த முறை சீலிங் பலகைகளை வரிசையாகக் கழற்றிப் பார்த்தார்கள். ட்ரெயின் குழாய் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டராவது இறங்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே அது தொய்ந்து, தொட்டில் துணிபோல வயிறு விட்டிருந்தது. அந்த வயிற்றில் எப்போதும் தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீரில் வழவழப்பு வளர்ந்தது. வளர்ந்தது அடைத்தது. எத்தனை முறை காற்று அடித்தாலும் அது திரும்பத்தான் வரும்.

“நடுவுல ஒரு கிளாம்ப் இருந்திருக்கு அண்ணாச்சி. ஓட்டை இருக்கு பாருங்க. யாரோ கழத்திருக்காவ,” என்றார் மெக்கானிக்.

கொஞ்ச மாதம் முன்பு நெட்வொர்க் கேபிள் இழுக்க ஆட்கள் சீலிங்குக்குள் ஏறியிருந்தார்கள். எல்லோர் மனசிலும் அதே நினைப்பு ஓடியது. ஒரு பெயரும் அங்கே இங்கே சொல்லப்பட்டது. இந்த நேரத்தில் அந்தப் பெயரை டிக்கெட்டில் எழுதியிருந்தால் என்ன ஆகும்? கேபிள் ஒப்பந்தக்காரர் மறுப்பார். நெட்வொர்க் டீம் அவர் பக்கம் நிற்கும். யார் செலவு என்ற கேள்வி கிளம்பி, மின்னஞ்சல் வாரக்கணக்கில் ஓடும். அத்தனை நாளும் தண்ணீர் சொட்டும். அதோடு, அவர்கள்தான் கழற்றினார்கள் என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியவும் தெரியாது. ஒரு கிளாம்பின் விலைக்கு அந்தச் சண்டை தகாது.

எழுதியது: “இரண்டு தாங்கிகளுக்கு நடுவே குழாய் தொய்ந்துள்ளது. நடுத் தாங்கி இல்லை. திருகு ஓட்டை உள்ளது. தாங்கி மாட்டிச் சரிவைச் சோதிக்க வேண்டும்.” அதற்குக் கீழே இன்னொரு கோரிக்கை: “சீலிங்குக்குள் எந்த வேலை நடந்தாலும், பலகையை மூடும் முன் அங்குள்ள ட்ரெயின் குழாய், தாங்கிகளை ஃபெசிலிட்டியிலிருந்து ஒருவர் பார்த்துக் கையெழுத்திடும் முறை வேண்டும்.” யார் கழற்றினார் என்பதைவிட, கழற்றியது யார் கண்ணிலும் படாமல் பலகை மூடப்பட்டது என்பதுதான் ஓட்டை. அந்த ஓட்டையை அடைத்தால் நாளைக்கு பெயின்டர் ஏறினாலும் ஃபயர் அலாரம் ஆட்கள் ஏறினாலும் பாதுகாப்புதான். அந்த முறை இப்போது எங்கள் இடத்தில் இருக்கிறது. வேலை அனுமதிச் சீட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது.

பழி போடாமல் இருப்பது, தேதிகளை மறைப்பது ஆகாது. இதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பதில் வராமலே நாள்கள் போனால், “இந்தத் தேதி தெரிவித்தோம், இந்தத் தேதி நினைவூட்டினோம், இன்று இன்னொருவர் வழுக்கினார்” என்று வரிசையாக எழுதி, பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் வைப்பது முழு நியாயம். தேதி யாரையும் திட்டாது. அதற்கு மேலும் போக வேண்டி வந்தால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 32-ஆம் பிரிவில், தரையிலும் படியிலும் நடைபாதையிலும் ஆள் வழுக்கக்கூடிய எதுவும் கிடக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. அந்தக் கடமையை அது நிறுவனத்தை நடத்துகிறவர் மேல்தான் வைத்தது, மாப் பிடித்த கை மேல் வைக்கவில்லை. 2020-ஆம் ஆண்டில் வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டமோ, பாதுகாப்பற்ற நிலையைக் கண்ட ஊழியர் அதை நிர்வாகத்துக்குத் தெரிவிப்பதை அவருடைய கடமையாகவே சொல்கிறது. ஆகவே டிக்கெட் போடுகிறவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறார்.

ஒருவர் தெரிந்தே செய்த காரியமாக இருந்தால் எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். அவசர வழிக் கதவுக்கு வாட்ச்மேன் அண்ணாச்சி பூட்டுப் போடுகிறார் என்று வையுங்கள். அங்கும் இதே வழிதான். “தரைத்தளப் பின்பக்க அவசரக் கதவு, இரவு 10 மணிக்கு, உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியவில்லை” என்று எழுதலாம். பிறகு அவரிடம் போய் ஏன் என்று கேட்டால், அந்த வழியாகப் பொருள் வெளியே போயிருக்கும், அவரைக் கேள்வி கேட்டிருப்பார்கள். அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் தீர்வு கிடைக்கும்: உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, திறந்தால் மணி அடிக்கிற கம்பிப் பூட்டு. வெறுமனே பூட்டை எடு என்றால் ஒரு வாரத்தில் பூட்டு திரும்ப வந்துவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு வைக்கிறேன். வேண்டுமென்றே ஒருவரைக் காயப்படுத்தவோ, பாதுகாப்புக் கருவியைத் திருடவோ செய்தால் அது ஃபெசிலிட்டி டிக்கெட்டுக்கான விஷயமே அல்ல. அது போகிற மேசை வேறு.

டிக்கெட்டை மூடச் சம்மதிப்பதற்கு முன் நாங்கள் இப்போது கேட்பது ஒரு சோதனை. தரை காய்ந்திருக்கிறது என்ற படம் போதாது. காலை பத்து மணிக்கு எந்தத் தரையும் காய்ந்துதான் இருக்கும். ஏசித் தட்டில் அளந்து இரண்டு லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். அது கட்டடத்துக்கு வெளியே குழாய் முனையில் தடையில்லாமல் வருவதை ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பிறகு 11 மணிக்கும் 3 மணிக்கும் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். ஏழாம் எண் ஏசிக்கு இதைச் செய்தபோது, சொட்டும் இடத்தை முதலில் கண்ட அக்காவையே பார்க்கச் சொன்னோம். அவர் மூன்று நாள் பார்த்து, “இப்ப சுத்தமா இல்ல தம்பி” என்று சொன்ன பிறகு, அந்த வரியையும் சேர்த்துத்தான் டிக்கெட்டை மூடினோம். ட்ரெயின் குழாய்களைச் சுத்தம் செய்வது இப்போது பராமரிப்பு அட்டவணையில் இருக்கிறது. புரட்டாசி முடிவதற்குள், ஐப்பசி மழையின் ஈரக்காற்று வருமுன், ஒரு சுற்று கட்டாயம்.